‘எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்’ என்று எழுதும் முன்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு ஆய்வு நிறுவனம் ஒன்று சர்க்கரை நோயாளிகள் 38 பேரின் பேட்டிகளை அவரிடம் கொடுத்திருந்தது. மூன்று மாத ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிந்தது. மறுநாள் மின்னஞ்சல் வந்தது: ஒப்பந்தப்படி கோப்புகள் அனைத்தையும் 15 நாளுக்குள் அழித்துவிட்டு, எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

இப்படிக் கேட்டால் நம்மில் பலர் ‘சரிங்க மேடம், டெலீட் பண்ணிட்டேன்’ என்று உடனே பதில் போட்டுவிடுவோம். நானும் ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து மாதம் கழித்து, போனில் இடம் போதவில்லை என்று வாட்ஸ்அப் கோப்புறையைத் திறந்தேன். அழித்ததாக நான் உறுதி சொன்ன கோப்புகளில் ஒன்பது அங்கே இருந்தன. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் நான் எழுதிக் கொடுத்தது பொய்.

நிறுவனங்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 8-ஆம் பிரிவு, தரவு பெறப்பட்ட நோக்கம் முடிந்ததும் நிறுவனம் அதை அழிக்க வேண்டும் என்கிறது. தன் சார்பில் அதைக் கையாண்டவரையும் அழிக்கச் செய்யும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 28-ஆவது கூறும் இதே கடமையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறது. ஆக, நாம் அனுப்பும் நாலு வரிதான் அந்த நிறுவனம் நாளைக்கு எடுத்துக் காட்டப்போகும் சான்று.

அதனால் செய்தி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். முதலாவது ஒப்புக்கொள்வது. இரண்டாவது, அழித்த பிறகு உறுதி செய்வது. இரண்டையும் ஒன்றாக்கி அவசரமாக அனுப்புவதில்தான் தவறு நேர்கிறது. மதுரைக்காரர் முதல் செய்தியை இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். ஒப்பந்தப்படி 38 ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவங்களையும் என்னிடமிருந்து அழிக்க ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் உங்களுக்கு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டன என்று ஒரு வரி எழுதுங்கள். அது வந்த பிறகே அழிப்பேன். அழித்த பின் என்னால் எதையும் மீட்டுத் தர இயலாது. ஏப்ரல் 15-க்குள் முடித்து, எங்கெங்கே அழித்தேன் என்று எழுதி உறுதி செய்கிறேன். ஒப்பந்தம், பில், பணம் பெற்ற விவரம் ஆகியவற்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வேன். அவற்றில் நோயாளிகளைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.”

இதில் விட்டுவிடக் கூடாத வரி, ‘வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்’ என்பது. அவர் பேட்டிகளைத் தன் கூகுள் டிரைவில் தட்டச்சு செய்து நிறுவனத்தோடு பகிர்ந்திருந்தால், அந்தக் கோப்புகளுக்கு உரிமையாளர் அவர்தான். அவர் நிரந்தரமாக அழித்தால் நிறுவனத்தின் பக்கத்திலும் போய்விடும். முதலில் அவர்கள் பதிவிறக்கியோ நகலெடுத்தோ வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குத் தாள்களைப் பற்றிய வரியும் அப்படியே. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ‘அனைத்தும்’ என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டால் இந்தக் கடமையோடு அது முட்டிக்கொள்ளும்.

ஏப்ரல் 4-இல் நிறுவனம் பதில் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி கோப்புகள் எங்கெல்லாம் போயின என்று அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். லேப்டாப்பின் வேலைக் கோப்புறை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மின்னஞ்சல் இணைப்பாக வந்தவை ஜிமெயிலிலும், பதிவிறக்கியவை Downloads கோப்புறையிலும் கிடக்கும். ஆண்ட்ராய்டு போனில், வாட்ஸ்அப்பில் வந்த ஆவணங்கள் இந்த இடத்தில் சேர்கின்றன. நாம் அனுப்பியவை அதற்குள்ளேயே Sent என்ற கோப்புறையில் இருக்கும்.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents
```

ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தது குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. அங்கே 30 நாள் இருக்கும். உடனே போக வேண்டுமானால் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அதன் பிறகும் கூகுள் நிறுவனத்தின் சர்வர்களிலிருந்து நீங்குவதற்குப் பொதுவாக இரண்டு மாதம் ஆகும் என்றும், காப்பு நகல்களில் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்றும் கூகுளே சொல்கிறது. அது நம் கைக்கு எட்டாத இடம். அதை மறைக்காமல் எழுதிவிடுவதே நேர்மை.

அடுத்தது மாதாமாதம் பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டு உள்ள பழைய டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர உள்ளே இருந்த பதிவு அப்படியே இருக்கும். வேறு எதுவும் அதன் மேல் எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருளால் அதை எடுத்துவிட முடியும். விண்டோஸில் கோப்புகளை அழித்த பின், டிஸ்க் E என்ற எழுத்தில் இருந்தால், இந்தக் கட்டளை காலி இடத்தின் மேல் எழுதி மூடிவிடும்:

```
cipher /w:E:\
```

பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். எஸ்எஸ்டி வகைக்கு இந்த முறையை நம்ப முடியாது. எந்தப் பதிவை எந்தச் செல்லில் எழுதுவது என்பதை அதன் உள்ளே இருக்கும் சிப்பே தீர்மானிப்பதால், பழைய பதிவின் மேல்தான் எழுதினோமா என்று நமக்குத் தெரியாது. அதற்கு வழி தொடக்கத்திலேயே இருக்கிறது. வெராகிரிப்ட் போன்ற மென்பொருளால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பெட்டகத்துக்குள்ளேயே வேலையை வைத்திருந்தால், பெட்டகத்தை அழித்த பின் துணுக்குகள் மிஞ்சினாலும் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் படிக்க முடியாது.

எளிதில் மறந்துபோவது மனிதர்களைத்தான். பிப்ரவரியில் வேலை நெருக்கியபோது மூன்று பேட்டிகளைத் தோழி ஒருவரிடம் கொடுத்திருந்தார். வெளியாளிடம் கொடுக்க ஒப்பந்தம் அனுமதித்திருந்தாலும், தோழியின் கணினியிலும் போனிலும் அவை அழியாமல் ‘அனைத்தும்’ என்று எழுத முடியாது. அனுமதி இல்லாமல் கொடுத்திருந்தால் அதை நிறுவனத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அவர் அனுமதி வாங்கியே கொடுத்திருந்தார். எனவே தோழியிடமிருந்தும் எழுத்தில் உறுதி வாங்கினார். ஏப்ரல் 10-இல் இரண்டாவது செய்தி போனது:

“வணக்கம் மேடம். எல்லாம் வந்து சேர்ந்ததாக ஏப்ரல் 4-இல் நீங்கள் எழுதிய பிறகு, ஏப்ரல் 8, 9 தேதிகளில் 38 ஒலிப்பதிவுகளையும் எழுத்து வடிவங்களையும் அழித்தேன். அழித்த இடங்கள்: லேப்டாப், எக்ஸ்டர்னல் டிஸ்க், என் போன், ஜிமெயில், கூகுள் டிரைவ். குப்பைத் தொட்டிகளையும் காலி செய்தேன். உங்கள் அனுமதியுடன் உதவிய தோழியும் தம்மிடமிருந்த மூன்று கோப்புகளை ஏப்ரல் 9-இல் அழித்ததாக எழுதித் தந்திருக்கிறார். கூகுளின் காப்பு நகல்களில் சில மாதம் மிச்சம் இருக்கலாம். அவற்றை என்னாலும் திறக்க இயலாது. என்னிடம் இப்போது இருப்பவை ஒப்பந்தமும் பில்லும் பண ரசீதும் மட்டுமே. தவறி ஏதேனும் பின்னர் கண்ணில் பட்டால், உடனே அழித்து உங்களுக்குத் தெரிவிப்பேன்.”

கடைசி வரியை நான் என் ஒன்பது கோப்புகளுக்குப் பிறகு சேர்க்கத் தொடங்கினேன். அவை கிடைத்த அன்றே அந்த வாடிக்கையாளருக்கு எழுதினேன். அவர் நன்றி சொல்லி, தேதி போட்டு ஒரு வரி பதில் அனுப்பினார். அடுத்த வேலையை நீங்கள் தொடங்கும்போது, முதல் கோப்பு வந்த நாளிலேயே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நகலும் எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்று குறித்து வையுங்கள். முடிவில் எழுத வேண்டிய செய்தியின் பாதி அந்தத் தாளிலேயே இருக்கும்.