காற்று மேலே ஏறினால்தான் மழை

கோடையில் நிலம் சூடாகிறது, கடல் அந்த அளவு சூடாவதில்லை. அதனால் கடலிலிருந்து காற்று நிலத்துக்குள் வீசுகிறது, மழை பெய்கிறது. பருவமழைக்கு நாம் படித்த விளக்கம் இது. தவறில்லை, ஆனால் பாதிக் கதைதான். வெயில் மட்டுமே மழையைக் கொண்டுவருமென்றால் தார்ப் பாலைவனத்தில் வெள்ளம் ஓட வேண்டும். அங்கே மேலடுக்குக் காற்று கீழ்நோக்கி அமுக்குவதால் ஈரக்காற்று உயர முடிவதில்லை. மழைக்குக் காற்று வந்தால் போதாது, ஏறவும் வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று புறப்படுவது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புகிறது. சோமாலியா கரையோரம் வேகம் பிடித்து, அரபிக்கடல் நெடுக நீராவியை அள்ளிக்கொண்டு, ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தைத் தொடுகிறது. அங்கிருந்து வடக்கே, மகாராஷ்டிரத்தில் உள்ள மகாபலேஷ்வர் மலையில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கடல் மட்டத்தில் 28 டிகிரி வெப்பமுள்ள ஒரு கிலோ காற்றில் சுமார் 18 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலைச்சரிவில் ஏறும் காற்று அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஏறத்தாழ 600 மீட்டரில் 22 டிகிரிக்கு இறங்கியதும் நீராவி துளிகளாகி மேகம் பிறக்கிறது. 1,350 மீட்டர் உச்சியில் வெப்பம் 19 டிகிரி. அந்தக் காற்றால் 16 கிராமுக்குமேல் நீராவியைத் தாங்க முடியாது. மிச்சம் 2 கிராம்! அற்பமாகத் தோன்றும். ஆனால் காற்று இரவும் பகலும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறதே. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 550 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்கிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று மறுபடி சூடாகி மேகம் கரைவதால், கிழக்கே இருக்கும் புனேவுக்குக் கிடைப்பது சுமார் 70 சென்டிமீட்டர்தான். மழைமறைவுப் பகுதி என்பது இதைத்தான்.

நீராவி நீராகும்போது, அதை ஆவியாக்கச் செலவான வெப்பம் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அது இன்னும் மேலே ஏற, கீழே கடல்காற்று மேலும் உள்ளே இழுபடுகிறது. ஜூலையில் மழை நனைத்து நிலம் குளிர்ந்த பிறகும் பருவக்காற்று நிற்காததற்கு இதுவே முக்கியக் காரணம். வெயில் தொடங்கிவைத்ததை மழையே நடத்திச் செல்கிறது.

ஆனால் நடுவில் இடைவெளியும் விழும். கங்கைச் சமவெளி மேல் நீண்டு கிடக்கும் காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை சில நாட்களில் வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தை ஒட்டிவிடும். அப்போது அடிவாரத்தில் கொட்டும், நடு இந்தியா வறளும். 2002 ஜூலையில் இப்படி மழை பொய்த்து, நாடு முழுவதுமே இயல்பில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. இத்தகைய இடைவெளி நாட்களில் தமிழ்நாட்டில் மாலை நேர இடிமழை கூடுவது வழக்கம்.