லடாக்கில் ஒரே நாளில் இரண்டு பருவம்

செப்டம்பர் மாதத்தில் லே நகரத்துக் கடைவீதியில் மதியம் நடந்தால் வெயில் தோலைச் சுடும். வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே வீதியில் விடியற்காலையில் அது 5 டிகிரிக்கு இறங்கிவிடும். இன்னும் உயரத்தில் இருக்கும் பாங்காங் ஏரிக்கரையில் அந்த மாதக் கடைசி இரவுகள் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

காரணம், காற்றின் வறட்சி. பகலில் சூடேறிய நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. சென்னை போன்ற ஊர்களில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் ஆண்டு மழையே ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தடுக்க எதுவும் இல்லாததால் சூடு நேரே வெளியேறுகிறது. வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்தாலே குளிர் தெரிவதும் இந்த மெல்லிய, வறண்ட காற்றால்தான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு தடித்த ஜெர்கினை எடுத்துப்போவது வீண். போட்டால் மதியம் வேர்க்கும். கழற்றினால் மாலையில் நடுங்கும். தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகப் போடவும் கழற்றவும் முடிகிற நான்கு மெல்லிய உடைகள் போதும். உடம்போடு ஒட்டுவது மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டரில் முழுக்கை பனியன். அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ். மூன்றாவது, வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே, காற்று புகாத விண்ட்சீட்டர். நான்கையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான். டவுன் ஜாக்கெட்டை அதன் பைக்குள்ளேயே சுருட்டித் திணித்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடும்.

லேயிலிருந்து பாங்காங் போகும் ஒரு நாளைப் பார்ப்போம். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது பனியனும் ஃப்ளீஸும் போதும். 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா கணவாயில் வண்டியை விட்டு இறங்கினால் காற்று வெட்டும். ஃப்ளீஸின் இழைகளுக்கிடையே தங்கிய சூட்டை அந்தக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே தேவை இன்னொரு ஸ்வெட்டர் இல்லை, 150 கிராம் விண்ட்சீட்டர். மதியம் ஏரிக்கரையில் பனியன் மட்டும் போதும். வெயில் சுடுகிறதே என்று அரைக்கைச் சட்டைக்கு மாறக் கூடாது. இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, கையும் கழுத்தும் கருகிவிடும்.

சூரியன் மலைக்குப் பின்னால் போகும் நேரம்தான் பலரும் தவறுகிற இடம். டவுன் ஜாக்கெட் தானாகச் சூடு தராது. உடம்பு தருகிற சூட்டைத் தூவிகளுக்கிடையே உள்ள காற்றில் பிடித்துவைக்கும், அவ்வளவே. நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் அது வேலை செய்ய வெகுநேரம் ஆகும். உடம்பில் இளஞ்சூடு இருக்கும்போதே, வெளிச்சம் மஞ்சளாகும்போதே போட்டுவிட வேண்டும். பகலில் வேர்த்திருந்தால் பனியனை மாற்றிய பிறகு போடுங்கள். ஈரம் உலர உலர உடம்பின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். வேர்வையை உறிஞ்சி மெதுவாக உலரும் பருத்திப் பனியனும் ஜீன்ஸும் இங்கே ஒத்துவராததற்கும் அதுவே காரணம்.

இன்னொரு தவறு, இந்த உடைகளைப் பெரிய பெட்டியில் வைத்து வண்டியின் கூரையில் கட்டுவது. கணவாயில் ஐந்து நிமிடம் நிற்பதற்காக யாரும் கயிற்றை அவிழ்க்கப்போவதில்லை. சின்னதாக மடிகிற உடையைத் தேடி வாங்குவதே, அது நாள் முழுதும் தோள்பையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். குல்லாவும் மெல்லிய கையுறையும் அதே பையில் இருக்கட்டும்.

தூவிக்கு ஒரு பலவீனம் உண்டு. நனைந்தால் கட்டிதட்டிப்போய்ச் சூட்டைப் பிடிக்காது. லடாக்கின் வறட்சியில் அந்தக் கவலை குறைவு. மழை பெய்யும் மலைகளுக்குச் செயற்கை இழை அடைத்ததே நல்லது. ஊர் திரும்பியதும் ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்துத் தொங்கவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் தூவி எழும்பாது.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள். அக்குளில் இறுக்கினால் தூவி நசுங்குகிறது என்று பொருள். விண்ட்சீட்டரை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். இந்த நான்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும்தான் கணக்கு. ஜனவரியில் லேயில் இரவு மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். அதற்கு ஒரு கிலோ துணி போதாது.