திருவாரூர் என்றால் திருவள்ளூர் வருவது ஏன்?

சென்னையில் காரில் உட்கார்ந்து, போனின் மைக்கைத் தொட்டு "திருவாரூர்" என்கிறீர்கள். வண்டி கிளம்புகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போன் உங்களைத் திருவள்ளூருக்கு அழைத்துக்கொண்டு போகிறது. திருவாரூர் தெற்கே சுமார் 300 கிலோமீட்டர். திருவள்ளூர் மேற்கே 50 கிலோமீட்டர்கூட இல்லை.

இப்படி ஆனதும் பலரும் அதே பெயரை இன்னும் உரக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அதற்கு முன் தேடல் பெட்டியில் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கே "திருவள்ளூர்" என்று இருந்தால் போனுக்குக் காதில் பிழை. "திருவாரூர்" என்று சரியாக இருந்தும் வேறு ஊர் வந்தால் கேட்டதில் கோளாறு இல்லை, ஊரைத் தேர்ந்ததில்தான் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு. சத்தமாகச் சொல்வது இரண்டாவதற்கு உதவவே உதவாது.

முதலில் காது. பேச்சு அறியும் மென்பொருள் நம் குரலை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிப் பார்க்கிறது. வழக்கமாக 10 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டு, அதாவது ஒரு செகண்ட் பேச்சில் 100 துண்டுகள். திருவாரூர், திருவள்ளூர் இரண்டிலும் முன்னால் வரும் "திருவ" ஏறக்குறைய ஒன்று, கடைசி "ஊர்" ஒன்று. வேறுபாடு முழுக்க நடுவில் இருக்கிறது. அங்கே வரும் ரகரம் நாக்கு ஒருமுறை தட்டிவிட்டுப் போகும் ஒலி; 20, 30 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். நூறு துண்டில் இரண்டு மூன்றுதான் அது. அந்த நேரம் பார்த்து பக்கத்து லாரி ஹாரன் அடித்தால், அல்லது ஜன்னல் வழியே காற்று இரைந்தால், இரண்டு ஊரையும் பிரிக்கும் தடயம் அழிந்துபோகும். "வா" என்ற நெடிலையும் வேகமாகப் பேசும்போது நாம் சுருக்கிவிடுகிறோம்.

ல, ள, ழ மூன்றுக்கும் இதே கதி. நாக்கை மடிக்கும்போது ஒலியின் மேல் அதிர்வெண்களில் ஒன்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துத்தான் மென்பொருள் இவற்றைப் பிரிக்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் ழகரத்தை ளகரமாகவே சொல்கிறோம். மென்பொருள் பயின்றதும் நம்மைப் போன்றவர்கள் பேசிய பதிவுகளில்தான். ஆகவே இந்த எழுத்துகளில் அது தன் காதை முழுக்க நம்புவதில்லை.

காதை நம்ப முடியாத இடத்தில் அது வழக்கத்தை நம்புகிறது. இந்த ஒலிக்குப் பக்கத்தில் வரும் பெயர்களில் எது அதிகம் எழுதப்படுகிறது, பக்கத்துச் சொல்லோடு எது பொருந்துகிறது என்று கணக்குப் பார்க்கிறது. வழிகாட்டிச் செயலியாக இருந்தால் நீங்கள் நிற்கும் இடத்துக்கு எது அருகில் என்பதும் சேரும். சென்னையில் நிற்பவருக்குத் திருவள்ளூர் அருகில். ஒலி பாதி தெளிவில்லாமல் இருந்தாலே தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

வழியும் இதிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தனியாகச் சொல்லாமல் கூட ஒரு சொல்லைச் சேருங்கள். "திருவாரூர் தியாகராஜர் கோயில்" என்றால் நடு எழுத்து தெளிவில்லாவிட்டாலும் தியாகராஜர் காப்பாற்றிவிடுவார். அதேபோல "திருவள்ளூர் வீரராகவர் கோயில்". கோயில் வேண்டாம் என்றால் பஸ் ஸ்டாண்ட், கலெக்டர் ஆபீஸ் என்று எதைச் சேர்த்தாலும் அந்த ஊர் என்ன என்பதை அது காட்டாது. அந்த ஊருக்கே உரிய ஒன்றாக இருக்க வேண்டும். செய்தி தட்டச்சிலும் இதே முறைதான். முழு வாக்கியமாகப் பேசினால் பிழை குறையும்.

சொல்லும் விதத்திலும் ஒன்று. "திரு… வா… ரூர்" என்று பிய்த்துப் பிய்த்துச் சொன்னால் தெளிவாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் மென்பொருள் அந்த ஒலியைப் பயின்றதே இல்லை. தனித்தனிச் சொற்களாக எடுத்துக்கொள்ளும். சாதாரண வேகத்தில், நெடிலை மட்டும் முழுதாக இழுத்துச் சொல்வது போதும். காரின் ப்ளூடூத் வழியாகப் பேசினால் பழைய கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு ஒலியைச் சுருக்கிவிடும். திரும்பத் திரும்பத் தவறினால் ப்ளூடூத்தை அணைத்து, நிறுத்திய வண்டியில் போனிலேயே நேராகச் சொல்லிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத காரணம் மொழி அமைப்பு. தமிழில் பேசுகிறோம், ஆனால் போனின் பேச்சு மொழி ஆங்கிலமாக இருக்கிறது. அப்போது அது நம் ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பெயர்களோடு பொருத்திப் பார்க்கிறது. கூடலூரை நாம் வல்லின ககரத்தில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் அது Gudalur. கடலூரோ Cuddalore. ககரத்தில் தொடங்கிய ஒலி Cuddalore பக்கம் சாய நல்ல வாய்ப்பு இருக்கிறது. சேலத்திலிருந்து கிளம்புகிறவருக்கு ஒன்று கிழக்கே கடற்கரை, மற்றது மேற்கே மலை. இந்த ஆங்கில எழுத்துச் சிக்கல் பழையது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது; விமர்சனம் எழவே சில நாட்களில் திரும்பப் பெற்றது. ஆகவே போனில்தான் நாம் சரிசெய்ய வேண்டும். பேச்சு மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள். தமிழிலேயே இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனியாகக் காட்டினால் உங்கள் நாட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி இரண்டாவது கோளாறு. பெட்டியில் "கூடலூர்" என்று சரியாகவே விழுந்திருக்கிறது. ஆனால் நீலகிரியிலும் கூடலூர் உண்டு, தேனி மாவட்டத்திலும் உண்டு. திருப்பத்தூர் தனி மாவட்டத் தலைநகர். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர். இங்கே உச்சரிப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. மாவட்டத்தை முன்னால் வைத்து "நீலகிரி கூடலூர்" என்று சொல்லுங்கள். தெரிந்தால் ஆறு இலக்கப் பின்கோடைச் சொல்லலாம்: நீலகிரிக்கு 64, தேனிக்கு 62, கடலூருக்கு 60 என்று தொடங்கும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

ஊரைத் தேர்ந்த பிறகு, கிளம்புமுன் ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம். ஐந்தாறு மணி நேரப் பயணத்துக்கு ஒன்றரை மணி காட்டினால் ஊர் மாறிவிட்டது. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மாவட்டப் பெயர் அதை உறுதிப்படுத்தும்.

அடிக்கடி போகிற ஊருக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் அந்த இடத்தைத் திறந்து Label என்பதைத் தொட்டு நீங்களே ஒரு பெயர் வைத்துவிடலாம். அது உங்கள் கணக்கில் மட்டும் இருக்கும். ஊர்ப் பெயரையே வைக்காதீர்கள்; "மாமனார் வீடு", "தென்னந்தோப்பு" என்று வேறு ஊரின் சாயல் இல்லாத பெயராக வையுங்கள். வரைபடத்தில் பெயரே இல்லாத சிற்றூர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். அந்தப் பெயரை எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், பட்டியலில் இல்லாததால் மென்பொருள் பக்கத்து ஒலியுள்ள பெரிய ஊரையே எழுதும். ஒருமுறை அங்கே போய் நின்று, திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் ஊசி விழும். அதற்கு Label வைத்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லியே தேடலாம்.