படத்தில் பார்க்கும் சக்கர நாற்காலி உங்கள் உறவினருக்குப் பொருந்துமா?

தெரிந்தவர் ஒருவர் தம் வீட்டில் பயன்படாமல் இருக்கும் சக்கர நாற்காலியைப் படம் எடுத்து, "வேண்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். உடனே "சரி" என்று சொல்வதற்கு முன், அந்தப் படத்திலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம், எதை அளந்துதான் அறியமுடியும் என்று பாருங்கள்.

முதலில் சக்கரங்களைப் பாருங்கள்

பின்சக்கரங்கள் பெரியவையாகவும், அவற்றின் வெளிப்புறத்தில் கையால் பிடித்துத் தள்ளும் வளையம் உள்ளவையாகவும் இருந்தால், அது உட்கார்ந்திருப்பவரே ஓட்டக்கூடிய நாற்காலி. நான்கு சக்கரங்களும் சிறியவையாக இருந்தால், அதைப் பின்னாலிருந்து வேறொருவர்தான் தள்ளவேண்டும். இது எடை குறைந்தது. டாக்சியில் ஏற்றுவதும் எளிது. ஆனால் தனியாக வீட்டில் இருப்பவர் இதில் உட்கார்ந்தால், தாமாக நகர்ந்து செல்வது கடினம்.

மேலும் மூன்று படங்கள் கேளுங்கள்

படத்தைப் பார்த்து அளவை ஊகிக்கவேண்டாம். இருக்கையின் குறுக்கே அளவுநாடாவை வைத்து ஒரு படம், நாற்காலியின் பக்கவாட்டுப் படம், சட்டத்தில் ஒட்டியுள்ள விவரச்சீட்டின் படம் ஆகிய மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். நாற்காலி தாங்கக்கூடிய அதிகபட்ச எடை பெரும்பாலும் அந்தச் சீட்டில் இருக்கும். நாற்காலியின் மொத்த அகலத்தையும் இருக்கையின் ஆழத்தையும் அளந்து சொல்லும்படி கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மகள் தம் 88 வயது தாயாருக்கு நாற்காலி தேடுகிறார். தாயாரைக் கெட்டியான நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு அளவுகள் எடுக்கிறார். இடுப்பின் மிக அகலமான பகுதி 36 செ.மீ. முதுகுப்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 45 செ.மீ.

படத்தில் உள்ளது பெரிய சக்கர நாற்காலி. இருக்கையின் அகலம் 46 செ.மீ., ஆழம் 41 செ.மீ., மொத்த அகலம் 66 செ.மீ.

ஆழம் சரியாக இருக்கிறது. இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே 4 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. இரண்டு மூன்று விரல் நுழையும் இந்த இடைவெளி இல்லாவிட்டால், விளிம்பு காலின் பின்புறத்தை அழுத்தும். அதைத் தவிர்க்க முதியவர் முன்னோக்கிச் சரிந்து உட்காருவார்.

அகலம் பொருந்தவில்லை. இடுப்பைவிட இருக்கை 3 முதல் 5 செ.மீ. வரை அகலமாக இருந்தால் போதும். இங்கே 10 செ.மீ. கூடுதலாக இருக்கிறது. தாயார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்; நாளடைவில் முதுகு வலிக்கும். "பெரியதாக இருந்தால் வசதிதானே" என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

இன்னொரு தடையும் இருக்கிறது. அவர்களுடைய வீவக வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்துவைத்து அளந்தால், வழி 62 செ.மீ. மட்டுமே. 66 செ.மீ. நாற்காலி உள்ளே போகாது.

தாயாருடன் எப்போதும் ஒருவர் இருக்கிறார். எனவே மகள், 41 செ.மீ. இருக்கையும் 55 செ.மீ. மொத்த அகலமும் உள்ள, பிறர் தள்ளும் நாற்காலியைத் தேர்ந்தெடுக்கிறார்.

நேரில் பார்க்கும்போது

இரண்டு பிரேக்குகளையும் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுழலக்கூடாது. காற்றடைத்த டயரில் காற்று குறைந்தால் பிரேக் இறுகப் பிடிக்காது. முதியவர் எழும்போது நாற்காலி பின்னோக்கி நகர்ந்துவிடும். உட்காரவைத்துப் பார்க்கும்போது பாதங்கள் முழுமையாகப் பாதத்தட்டில் பதிந்திருக்கவேண்டும்; தட்டு தரையில் உரசக்கூடாது.

படத்தில் இருப்பது நடைச்சட்டகம் என்றால்

நான்கு கால்களிலும் ரப்பர் முனை உள்ள வாக்கர், அதிகம் ஊன்றி நடப்பவருக்கு உரியது. நான்கு சக்கரமும் கைப்பிரேக்கும் உள்ளது, உடல் எடையை அதன்மேல் சாய்க்காமல், பிரேக்கை நினைவில் வைத்துப் பிடிக்கக்கூடியவருக்கு மட்டுமே ஏற்றது. மற்றவர் ஊன்றினால் அது முன்னால் ஓடிவிடும்.

உயரம் பார்க்க, வழக்கமான காலணியுடன் அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்கவேண்டும். உயரத்தை மாற்றிய பிறகு, நான்கு கால்களிலும் ஒரே எண்ணிக்கையிலான துளைகள் தெரிகின்றனவா, பொத்தான்கள் முழுமையாக வெளியே வந்துள்ளனவா என்று பாருங்கள். தேய்ந்து வழவழப்பான ரப்பர் முனைகளை மாற்றிவிடுங்கள்.

சிகிச்சையாளரைக் கேளுங்கள்

பக்கவாதம் வந்தவர், அண்மையில் விழுந்தவர், புட்டத்திலோ இடுப்பிலோ அழுத்தப்புண் உள்ளவர் ஆகியோருக்கு அளவு மட்டும் போதாது. மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ உள்ள உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். எடுத்த அளவுகளையும் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். உதவிச் சாதனத்துக்கு மானியம் கோர நினைத்தால், பணம் கொடுத்து வாங்குவதற்கு முன்பே இந்த மதிப்பீட்டைச் செய்துகொள்ளுங்கள்.