வகுத்துப் பார்த்தால் எல்லை தெரியும்

சென்னையின் மக்கள்தொகை 46 லட்சமா, 67 லட்சமா, 86 லட்சமா? மூன்றுமே 2011 கணக்கெடுப்பை வைத்துச் சொல்லப்படும் எண்கள்தான். முதலாவது பழைய மாநகராட்சி எல்லைக்குரியது. இரண்டாவது, பின்னால் விரிந்த எல்லைக்குரியது. மூன்றாவது, ஒட்டி வளர்ந்த புறநகர்களையும் சேர்த்த பெருநகரத் தொகுப்புக்கு உரியது. ஆகவே விக்கிப்பீடியாவில் ஒரு ஊரின் மக்கள்தொகையைப் பார்த்ததும், எண் சரியா என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு என்று கேட்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பு அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி நிலவரத்தைக் காட்டுகிறது. அப்போது சென்னை மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர் உள்ளிட்ட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சேர்ந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. கணக்கெடுப்பு முடிந்து சில மாதங்களிலேயே எல்லை மாறிவிட்டது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு பக்கத்தில் ஒருவர் வந்து பரப்பளவை 426 என்று மாற்றுவார். மக்கள்தொகை 46,46,732 அப்படியே நிற்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டு எண்ணிலும் பிழை இல்லை, அரசுச் சான்றும் இருக்கும். சேர்த்துப் படித்தால்தான் தவறு.

இதைப் பிடிக்க எளிய வழி, மக்கள்தொகையைப் பரப்பளவால் வகுப்பது. 46,46,732ஐ 426ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 10,900 பேர். ஆனால் கணக்கெடுப்புத் துறை சென்னை மாவட்டத்துக்குக் கொடுத்த அடர்த்தி 26,553. இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் இரண்டு எல்லைகள் கலந்துவிட்டன என்று பொருள். அந்த 26,553 எப்படி வந்தது என்றும் கண்டுபிடிக்கலாம்: 175ஆல் வகுத்தால் சரியாக அந்த எண் வரும். அன்று மாவட்டமும் மாநகராட்சியும் ஏறக்குறைய ஒரே எல்லைதான்.

இன்னொரு எண்ணும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது: 46,81,087. பார்த்தால் தட்டச்சுப் பிழை போலத் தோன்றும். உண்மையில் அது 2011இல் முதலில் வெளியான தற்காலிக எண். இறுதிக் கணக்கில் 34,355 பேர் குறைந்தார்கள். தற்காலிகக் கணக்கோடு வந்த அடர்த்தி 26,903. வகுத்துப் பாருங்கள், அங்கே பயன்பட்டது 174. ஆக, அரசின் இரு வெளியீடுகளே மக்கள்தொகையிலும் பரப்பிலும் வேறுபடுகின்றன. ஒன்றிலிருந்து மக்கள்தொகையையும் மற்றொன்றிலிருந்து அடர்த்தியையும் எடுத்து ஒட்டினால் கணக்கு உதைக்கும். இறுதி எண் இருக்கும்போது தற்காலிக எண்ணை வைத்திருப்பது என் பார்வையில் திருத்தப்பட வேண்டிய பிழையே.

அடுத்து அடிக்குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு என்று பெயரில் மட்டும் சொல்லிக்கொள்ளும் தனியார் தளத்துக்கு அது போனால், அங்கிருந்து நகல் எடுத்த எண்ணை அதே நகலோடு ஒப்பிடுகிறீர்கள். அது சரிபார்ப்பு ஆகாது. போக வேண்டிய இடம் censusindia.gov.in தளத்தில் உள்ள மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. அதன் முதல் பகுதியில் நகர விவரத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு நகரத்தின் பரப்பும் மக்கள்தொகையும் அங்கே ஒரே அட்டவணையில், ஒரே எல்லைக்குக் கிடைக்கும். இரண்டையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டால் கலப்படத்துக்கு வழியில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ள நம் மாநிலத்தில், ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும், அது நகராட்சியா பேரூராட்சியா என்பதையும், அருகில் உள்ள குறியீட்டு எண்ணையும் பார்ப்பது அவசியம்.

சிறிய ஊர்களில் வேறு ஒரு தொல்லை. பல பேரூராட்சிப் பக்கங்களில் 2001 கணக்கை வைத்து எழுதிய வரிகள் கட்டுரைக்குள் நிற்க, பக்கவாட்டுப் பெட்டியில் மட்டும் யாரோ 2011ஐ ஏற்றியிருப்பார்கள். பெட்டியையும் கட்டுரையையும் ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். யார், எப்போது மாற்றினார்கள் என்பதைப் பக்கத்தின் திருத்த வரலாறு காட்டும்.

இந்த வகுத்தல் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டு எண்களும் ஒரே பழைய எல்லைக்குரியவையாக இருந்தால் சோதனை சுலபமாகத் தேறிவிடும், ஊர் இன்று இரண்டு மடங்கு பரந்திருந்தாலும். விரிந்த சென்னைக்குச் சொல்லப்படும் 67 லட்சமும் தனியாக எண்ணி எடுத்ததல்ல. இணைந்த ஊர்களின் 2011 எண்களைக் கூட்டிப் பெற்றது. அம்பத்தூரின் 4,66,205 பேரும் அதில் அடக்கம். இப்படிக் கூட்டி வந்த எண்ணைக் கொடுப்பவர், அதைக் கூட்டல் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திருத்தும்போது எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். எந்த ஆண்டு, எந்த எல்லை, கையேட்டின் எந்தப் பக்கம் என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.