ஒரே நாள், இரண்டு கல்யாணம்: மன்னிப்புக் கடிதத்தின் கணக்கு

"பிழை எங்கடதான் அண்ணை, குறை நினையாதேங்கோ." ஒரே நாளுக்கு இரண்டு வீட்டாருக்கு மண்டபம் கொடுத்துவிட்டவர் தொலைபேசியில் இவ்வளவோடு நிறுத்தலாம். பெண் வீட்டாருக்கு எழுதும் கடிதத்தில் யூரோவும் வர வேண்டும்.

ரூ பிலிப்-து-ஜிராரிலும் அதைச் சுற்றிய லாச்சப்பல் தெருக்களிலும் கல்யாணத்துக்கு வேண்டிய பலதும் கிடைக்கும், நாள்தான் கிடைக்காது. வேலை, பள்ளிக்கூடம் பார்த்தால் சனியும் ஞாயிறும்தான் வசதி. ஆடியும் மார்கழியும் கழிந்தால் ஆண்டின் 52 வார இறுதிகளில் 43 அளவில் மிஞ்சும். அதிலும் நல்ல முகூர்த்தம் சிலவே. ஒருவர் கொப்பியில் எழுத, இன்னொருவர் தொலைபேசியில் 'ஓம்' சொன்னால் அதே நாள் இரண்டு தரம் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. மண்டப வாடகை 4,000 யூரோ, முற்பணம் 1,500. முகூர்த்தத்தை மாற்ற முடியாது, அதனால் அதே நாளில் வேறு மண்டபம் பிடிக்கிறார்கள். அதன் வாடகை 5,200. கூடுதல் செலவு 1,200. 300 அழைப்பிதழை 1.50 யூரோப்படி திரும்ப அடிக்க 450. மண்டபம் தூரம் என்பதால் இரண்டு பேருந்துக்கு 700. மொத்த நட்டம் 2,350.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது பற்றுச்சீட்டைப் பொறுத்தது. பிரெஞ்சு நுகர்வோர் சட்டக்கோவையின் L.214-1 பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் முற்பணம் 'ஆர்' எனப்படும் வகை. வீட்டார் விலகினால் அதை இழப்பார்கள்; மண்டபக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் தர வேண்டும், அதாவது 3,000. கேட்க நல்ல தொகைதான். ஆனால் அதில் பாதி அவர்கள் கட்டிய காசு. மீதி 1,500 போக, 850 யூரோ வீட்டார் தலையில் விழுகிறது.

சீட்டில் 'அக்கோந்த்' என்று எழுதியிருந்தால் இரு தரப்பும் பின்வாங்க முடியாது. முற்பணம் 1,500 திரும்புவதோடு, நிரூபித்த நட்டம் 2,350-ஐயும் கேட்கலாம்: 3,850. இரட்டிப்பே பெரிய தொகை என்று நம்பி அவசரப்பட்டுக் கையெழுத்து வைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

ஆகவே மண்டபக்காரரின் கடிதம் இப்படி இருக்கட்டும்: "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, உங்கள் பதிவுக்குப் பிறகு அதே நாளை இன்னொருவருக்கும் கொடுத்தது எங்கள் தவறு. முற்பணத்தின் இரட்டிப்பு 3,000 யூரோவை இந்த வாரமே வங்கியில் போடுகிறோம். அழைப்பிதழ், பேருந்து, புது மண்டபத்தின் பற்றுச்சீட்டுகளை அனுப்புங்கள். மிச்ச 850-ஐயும் நாங்களே தருகிறோம்." அந்த 850-ஐ 'ஆர்' விதி கட்டாயப்படுத்தாது. ஆனாலும் மன்னிப்பு என்று சொல்லத் தகுந்தது அந்தத் தொகை மட்டும்தான். மற்றது சட்டக் கடன்.

கடிதம் வராவிட்டால் வீட்டார் பதிவுத் தபாலில் கேட்க வேண்டும். 5,000 யூரோவுக்கு மேற்படாத கோரிக்கை என்றால் நீதிமன்றம் போகுமுன் சமரசத்துக்கு முயல்வது பொதுவாகக் கட்டாயம். நீதித்துறைச் சமரசரிடம் போகக் கட்டணம் இல்லை.