நீலத் தக்காளி

தக்காளிப் படத்தைப் பார்த்து, பழமா காயா என்று சொல்ல ஒரு மாடலைப் பழக்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் நன்றாகச் சொன்ன அதே மாடல், கேமராவோடு இணைத்த பிறகு பழங்களில் மட்டும் தடுமாறுகிறது. காய்களை முன்போலவே சரியாகச் சொல்கிறது. எரர் எதுவும் வரவில்லை.

மாடலுக்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை மூன்று எண்கள். பைத்தானில் பில்லோ நூலகம் வண்ணப் படத்தைத் திறந்தால் அவை சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் வரும். ஓப்பன்சிவி அதையே நீலம், பச்சை, சிவப்பு என்று தரும். பழக்கும்போது பில்லோவும் கேமராப் பக்கம் ஓப்பன்சிவியும் இருந்தால் 200, 40, 30 என்ற சிவப்புப் பிக்சல் 30, 40, 200 ஆகிவிடும். மாடல் பார்ப்பது நீலத் தக்காளி! நடுவில் உள்ள பச்சை மட்டும் இடம் மாறுவதில்லை. அதனால்தான் காய்கள் தப்பித்தன. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் உடனே கண்ணில் படும்.

திருத்தம் ஒரே வரி:

```
img = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2RGB)
```

அளவு மாற்றுவதிலும் இதே சிக்கல் உண்டு. பைடார்ச்சில் வழக்கமாக எண்களை 255-ஆல் வகுத்து, இமேஜ்நெட் படங்களின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். சிவப்புக்கு அவை 0.485, 0.229. நம் 200 என்ற எண் இப்படி 1.31 ஆகும். 255-ஆல் வகுக்க மறந்தால் அதுவே 871. இந்தப் பிழை சீக்கிரம் பிடிபடும், பதில்கள் அபத்தமாக இருக்கும்.

இரண்டு முறை வகுப்பதுதான் நயவஞ்சகமானது. அப்போது சிவப்பு எண்கள் எல்லாம் −2.12-க்கும் −2.10-க்கும் நடுவே ஒடுங்கிவிடும்; மாடலுக்கு எல்லாப் படமும் கறுப்பு. கேராஸின் எஃபிஷியன்ட்நெட் மாடலில் வகுக்கும் வேலை உள்ளேயே இருக்கிறது. அது தெரியாமல் வெளியிலும் வகுப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்டுபிடிக்க நம்பகமான வழி, ஒரே படக் கோப்பை இரண்டு பாதையிலும் அனுப்பி, மாடலுக்குள் நுழையும் கடைசி எண்களைச் சேமித்து ஒப்பிடுவது. நூலகங்கள் படத்தைச் சுருக்கும் விதம் வேறுபடுவதால் ஓரங்களில் சிறு வித்தியாசம் இருக்கலாம். ஆனால் சீரான நிறமுள்ள தக்காளித் தோலின் நடுவிலேயே 1.31 இருக்க வேண்டிய இடத்தில் −1.60 வந்தால், அது 30-ஐச் சிவப்பாக எண்ணிக் கணக்கிட்ட விடை. வரிசை புரண்டிருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.